பக்கத்து மனையில் பள்ளம் வெட்டும்போது எழுதவேண்டிய கடிதம்

திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரின் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலும் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்பது சாதாரணம். பழைய கிரையப் பத்திரங்களில் ‘வடபுறச் சுவர் பொது’ என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் கூடம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் கூடம். இரண்டு வீட்டு உத்திரங்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். எழுபது, எண்பது வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் நின்ற சுவர், பக்கத்து வீடு கைமாறி, இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிக்கு வானம் தோண்டத் தொடங்கிய சில நாட்களில் விரிசல் விடுகிறது.

அப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மேஸ்திரியிடம் போய்ச் சத்தம் போடுவார்கள். அவர் “வேலை முடிஞ்சதும் பூசித் தர்றோம்மா” என்பார். அல்லது, பக்கத்து வீட்டோடு பகை எதற்கு என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து. கூச்சலுக்குச் சாட்சி இல்லை. மௌனத்துக்குள் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. அந்த வாரத்திலேயே, பள்ளம் திறந்திருக்கும்போதே, ஒரு கடிதம் போகவேண்டும். அது முதலில் கேட்கவேண்டியது பணத்தை அல்ல, சுவருக்கு முட்டு.

ஏன் என்பதற்குச் சுவரின் அடியில் நடப்பதைப் பார்க்கவேண்டும். உதாரணத்துக்கு, திருவல்லிக்கேணியில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒரு பழைய செங்கல் வீடு. அதன் பொதுச்சுவரின் கடைக்கால் தரையிலிருந்து மூன்றரை அடி ஆழத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கட்டுபவர் கார் நிறுத்தத் தரைக்குக் கீழே ஒரு தளம் போடுகிறார், பத்தடிப் பள்ளம். சுவரின் பாரம் கடைக்காலிலிருந்து நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் விரிந்து இறங்குகிறது. கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து 45 பாகை சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கு உட்பட்ட மண்தான் சுவரைத் தாங்குகிறது என்பது பொறியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் எளிய கணக்கு. பத்தடியில் மூன்றரை அடி போக மீதி ஆறரை அடி. அப்படியானால் கடைக்காலிலிருந்து ஆறரை அடி தள்ளியாவது பள்ளத்தின் அடிமட்டம் இருக்கவேண்டும். இல்லையென்றால் முன்கூட்டியே மண்தடுப்பு அமைத்துவிட்டுத் தோண்டவேண்டும். இருபது அடி அகல மனையில் ஆறரை அடியை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஜேசிபி நேராகச் சுவர் ஓரத்திலேயே வெட்டுகிறது. கடைக்காலின் கீழே இருந்த மண் ஒரு பக்கம் வெறும் காற்றைப் பார்த்து நிற்கிறது.

மண் உடனே சரிந்தால் அது விபத்து, எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மண் நாளுக்குக் கொஞ்சமாகப் பள்ளத்தின் பக்கம் நகர்கிறது, சுவரும் கூடவே இறங்குகிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இதோடு நிலத்தடி நீரும் சேர்ந்துகொள்ளும். சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். இரவு பகலாக மோட்டார் போட்டு இறைப்பார்கள். அந்தத் தண்ணீரோடு நைசான மணலும் வெளியேறினால், அது பள்ளத்து மணல் மட்டுமல்ல, பக்கத்து வீட்டின் அடியில் இருந்த மணலும்தான். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். மோட்டார் குழாயிலிருந்து தெருவில் விழும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் போதும். தெளிந்த பிறகு அடியில் மணல் படிந்திருந்தால், விரிசலுக்கு ஒரு காரணம் அந்த வாளியிலேயே இருக்கிறது. அதைப் படம் எடுத்து வைக்கவேண்டும்.

பள்ளத்துக்கு முன்பே இன்னொரு பாதிப்பும் நிகழ்ந்திருக்கும், அதைப் பலரும் கவனிப்பதில்லை. பக்கத்து வீட்டின் உத்திரங்களும் குறுக்குச் சுவர்களும் பொதுச்சுவரை அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டை இடித்தபோது அந்தப் பிடிப்பு போய்விட்டது. தெருவிலிருந்து பார்த்தால், சுவரின் மறுபக்கத்தில் உத்திரம் இருந்த பொந்துகள் வரிசையாகத் திறந்து கிடக்கும். இத்தனை வருடம் ஒரு கூடத்துக்குள் இருந்த பூச்சு வெயிலிலும் மழையிலும் நிற்கும். அந்தப் பொந்துகளில் மழைநீர் இறங்கினால் சுண்ணாம்புக் காரை ஊறி வலுவிழக்கும். ஆகவே கடிதத்தில் பள்ளத்தைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

எழுதுவதற்கு முன்னால் விரிசலைப் படிக்கத் தெரியவேண்டும். “உங்க வீடே பழசு, இது ஏற்கெனவே இருந்த விரிசல்” என்பதுதான் பெரும்பாலும் வரும் முதல் பதில். அதில் எப்போதும் பொய் இருப்பதில்லை. பழைய வீட்டில் விரிசல்கள் உண்டு. பூச்சு காய்ந்ததால் வரும் மெல்லிய கீறல்கள் வலைபோல எல்லாப் பக்கமும் ஓடும். தட்டினால் பூச்சு மட்டும் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். மொட்டைமாடித் தளம் வெயிலில் விரிந்து சுருங்குவதால் கூரைக்குக் கீழே படுக்கைவாட்டில் ஒரு கோடு வரும். இவற்றுக்குப் பள்ளம் காரணமில்லை. அடி இறங்குவதால் வரும் விரிசல் வேறு மாதிரி. ஜன்னல் மூலையிலிருந்தோ கதவு நிலையின் மூலையிலிருந்தோ கிளம்பிச் சாய்வாக ஏறும்; செங்கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுபோலப் போகும்; ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். பொதுச்சுவரில் வந்து முட்டும் குறுக்குச் சுவரின் மூலையில் மேலிருந்து கீழாகப் பிளவு தெரியும். சுவர் ஓரமாகத் தரை விலகும். நேற்றுவரை சாத்திய கதவு நிலையில் இடிக்கும். விரிசலின் உள்பக்கம் வெள்ளையாக, தூசியோ ஒட்டடையோ வண்ணமோ இல்லாமல் இருந்தால் அது புதியது.

அகலத்தை அளக்க வங்கி ஏடிஎம் அட்டையே உதவும். அதன் தடிமன் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். அது உள்ளே நுழைந்தால் விரிசல் அதற்கு மேல். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோலைப் பொறியாளர்கள் பல நாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி ஒரு மில்லிமீட்டர் வரை வெள்ளையடிப்போடு சரிசெய்யக்கூடியது. ஐந்து வரை பூச்சையும் கதவுகளையும் பார்க்கவேண்டும். பதினைந்தைத் தாண்டினால் சுவரின் பகுதிகளை எடுத்துக் கட்டவேண்டிய நிலை. ஆனால் பள்ளம் திறந்திருக்கும் நாட்களில் அகலத்தைவிட முக்கியம், அது வளர்கிறதா என்பது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதலாம். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை, பூச்சை நீக்கிய செங்கல்லின்மேல் இருபுறமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டலாம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு எழுதும் கடிதம் எப்படி இருக்கும்? அந்தத் திருவல்லிக்கேணி வீட்டில் வசிக்கும் ஒரு மூத்த பெண்மணி, பக்கத்து மனையை வாங்கியிருக்கும் இளையவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

“தம்பிக்கு வணக்கம். நீங்கள் வீடு கட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. நம் இரு வீட்டுக்கும் பொதுவான வடபுறச் சுவரைப் பற்றி இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12 அன்று உங்கள் மனையில் இந்தச் சுவரை ஒட்டி ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். இன்று பள்ளம் எங்கள் பார்வைக்குச் சுமார் எட்டு அடி ஆழம் இருக்கிறது. எங்கள் கடைக்காலின் அடிப்பகுதி வெளியே தெரிகிறது. முட்டோ மண்தடுப்போ இல்லை. 14ஆம் தேதி காலை கூடத்து ஜன்னலின் மேல் மூலையில் புதிய விரிசலைப் பார்த்தோம். அன்று ஏடிஎம் அட்டை நுழையவில்லை. 16ஆம் தேதி அதே இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது. சமையலறைக் கதவு சாத்த முடியவில்லை. 14 அன்று ஒட்டிய கண்ணாடித் துண்டு 15 இரவு உடைந்துவிட்டது. படங்களை இணைத்திருக்கிறேன். ஜூன் மாதம் வீட்டில் விசேஷத்துக்கு எடுத்த படத்தில் அதே ஜன்னல் விரிசல் இல்லாமல் இருப்பதையும் வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இவைதான். சுவரை ஒட்டித் தோண்டுவதை இன்றே நிறுத்துங்கள். கடைக்கால் மட்டம்வரை மண்ணைத் திரும்பக் கொட்டி அணைத்து, சுவரின் மேல்பாகத்துக்குச் சாய்வு முட்டு கொடுக்கச் சொல்லுங்கள். உத்திரப் பொந்துகளை அடைத்து, மழை படாமல் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். உங்கள் கட்டமைப்புப் பொறியாளரை இரண்டு நாளுக்குள் அழைத்து வாருங்கள்; எங்கள் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம், எந்த நேரமும் கதவைத் திறந்துவிடுகிறேன். எப்படித் தாங்கிப் பிடித்து மேற்கொண்டு தோண்டப் போகிறார் என்பதை அவர் எழுத்தில், வரைபடத்தோடு தரவேண்டும். பழுதுபார்ப்புச் செலவு உங்களுடையது என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுங்கள். தொகையைச் சுவர் அசைவது நின்ற பிறகு பேசிக்கொள்வோம். உங்கள் ஒப்பந்ததாரர் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் இப்போது யாரையும் படுக்க விடுவதில்லை. 18ஆம் தேதி மாலைக்குள் பதில் வராவிட்டால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் புகார் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.”

இந்தக் கடிதத்தில் இல்லாதவற்றையும் கவனிக்கவேண்டும். ‘வீடே இடிந்துவிடும்’ என்ற பேச்சு இல்லை, இத்தனை லட்சம் என்ற தொகை இல்லை. அவசரத்தில் சொன்ன தொகை பிறகு உச்சவரம்பாகிவிடும்; மிகைப்படுத்திய ஒரு வரி, அளந்து எழுதிய மற்ற வரிகளையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். காரணத்தைத் தீர்ப்புபோலச் சொல்லாமல், பள்ளம் வெட்டிய தேதியையும் விரிசல் வந்த தேதியையும் அடுத்தடுத்து வைத்ததே போதும். நேரில் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். இன்னொன்றை ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பவேண்டும். உரிமையாளர், ஒப்பந்ததாரர், கட்டமைப்புப் பொறியாளர் மூவருக்கும் போவது நல்லது. பொறியாளரின் கையில் இப்படி ஒரு கடிதம் கிடைத்துவிட்டால், அவர் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. பெரும்பாலும் வேலையை நிறுத்தச் சொல்வது அவராகத்தான் இருக்கும்.

கடிதத்தின் பின்னால் சட்டமும் நிற்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு வீடுகளில் ஒன்று 1849இல் வண்டி செய்யும் தொழிற்சாலையாக மாற்றப்பட்டது. இருபத்தேழு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டை இடித்து ஆழமாகத் தோண்டினார்கள். தொழிற்சாலையின் பாரத்தைத் தாங்கிய தூண் இறங்கி, கட்டடம் விழுந்தது. ‘டால்டன் எதிர் ஆங்கஸ்’ என்ற அந்த வழக்கில் பிரபுக்கள் சபை 1881இல் தீர்ப்புச் சொன்னது: பக்கத்து நிலத்தின் தாங்குதலை இருபது வருடம் வெளிப்படையாக அனுபவித்த கட்டடத்துக்கு அதைத் தொடர்ந்து பெறும் உரிமை உண்டு, தோண்டியது ஒப்பந்ததாரர் என்று சொல்லி உரிமையாளர் தப்பிக்க முடியாது.

அடுத்த ஆண்டே, 1882 ஜூலை 1 முதல், இந்திய வசதியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தொடக்கத்திலேயே அது செல்லுபடியான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. வெறும் நிலத்துக்குப் பக்கத்து நிலம் இயல்பாகத் தரும் தாங்குதல் ஒவ்வோர் உரிமையாளருக்கும் உரியது என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடம் ஏற்றிய நிலத்துக்கு அந்தத் தாங்குதல் இருபது வருட அனுபவத்தால் உரிமையாகிறது என்பது 15ஆம் பிரிவு. கிரையப் பத்திரமும் பழைய வீட்டுவரி ரசீதுகளும் இங்கேதான் பயன்படுகின்றன. வீடு இருபது வருடத்துக்கு மேல் அங்கே நிற்கிறது என்பதற்கு அவை சான்று.

34ஆம் பிரிவு கொஞ்சம் கறாரானது. தாங்குதலை நீக்கியதால் கணிசமான சேதம் உண்மையில் ஏற்பட்டால்தான் நஷ்டஈடு கேட்கும் உரிமை பிறக்கிறது. மயிரிழைக் கீறலைக் காட்டிப் பணம் கேட்டால் நிற்காது. ஆனால் சேதம் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. தோண்டுவதைத் தொடர்ந்தால் தாங்குதல் போவது நிச்சயம் என்ற நிலையில், 35ஆம் பிரிவின்கீழ் தடையுத்தரவு கேட்கலாம். முதல் கடிதம் பணத்தை விட்டுவிட்டு முட்டைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், தடையுத்தரவோடு சேர்த்து வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி மனுப் போடவேண்டும். அவர் பொறியாளரோடு நேரில் வந்து, பள்ளத்தையும் சுவரையும் அளந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார். பள்ளம் மூடப்பட்டுவிட்டால் அவர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

காப்பீட்டைப் பற்றிய வரி கடிதத்தில் சும்மா வரவில்லை. பெரிய ஒப்பந்ததாரர்கள் கட்டுமானக் காலத்துக்கு எடுக்கும் காப்பீட்டில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதமும் அடங்கும். ஆனால் வழக்கமான வாசகத்தில், அதிர்வாலும் தாங்குதலை நீக்கியதாலும் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். அதற்கென்று தனி ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் பணம் வரும். அப்போதும் கட்டடத்தின் உறுதியைப் பாதிக்காத மேலோட்டமான விரிசலுக்குக் கிடைக்காது. இதைத் தெரியாமல் “இன்சூரன்ஸ் பார்த்துக்கும்” என்ற வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்பது அவர்களைக் காப்பாற்றும்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் அதன் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டுபவர் ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்கவேண்டும். வேலைக்கு முன் இரு தரப்பும் சேர்ந்து அந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் படமெடுத்துப் பதிவுசெய்வது அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் பொதுச்சுவருக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதனால் பக்கத்து வீட்டை இடிக்க ஆள் வந்த அன்றே, இருக்கும் விரிசல்களையெல்லாம் அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது அந்த வீட்டுக்காரரின் வேலையாகிறது. அந்தப் படங்களை அப்போதே பக்கத்து மனைக்காரருக்கும் அனுப்பிவிட்டால், பழைய விரிசலா புதிய விரிசலா என்ற சண்டைக்கே இடமிருக்காது. நியாயமாகக் கட்ட நினைப்பவருக்கும் அது பாதுகாப்பு. தான் செய்யாத சேதத்துக்கு அவரும் பணம் தரவேண்டியதில்லை.

பொறியாளர் வந்து பார்த்தபின் சொல்லக்கூடிய தீர்வுகளில் ஒன்று, கடைக்காலுக்குக் கீழே துண்டு துண்டாகக் கான்கிரீட் இட்டு அதை ஆழப்படுத்துவது. சுவரின் நீளத்தை மூன்று, நான்கு அடிப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் தோண்டுவார்கள். முதல் வரிசை இறுகிய பிறகே இடையில் விட்டவற்றைத் தொடவேண்டும். நேரம் மிச்சப்படுத்த ஒரே நாளில் முழு நீளத்தையும் திறந்தால் சுவர் மொத்தமாக அந்தரத்தில் நிற்கும். வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துக் கவனிக்கவேண்டியது இது ஒன்றுதான். அருகருகே இரண்டு குழிகள் திறந்திருந்தால், உடனே பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்லி, அன்று மாலையே எழுத்திலும் அனுப்பவேண்டும்.

பூச்சு வேலை கடைசியில். பள்ளம் மூடி, கீழ்த்தளத்தின் சுவர்களும் மேல்தளமும் வந்து, தண்ணீர் இறைப்பது நின்ற பிறகும் மண் கொஞ்ச காலம் அசையும். ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது பார்த்துவிட்டு, ஒட்டிய கண்ணாடி உடையாமல் இருந்தால் மட்டும் விரிசலை அடைக்கலாம். சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமென்ட்டைத் திணித்து மூடினால், மென்மையான செங்கல்லுக்குப் பக்கத்தில் கெட்டியான சிமென்ட் நின்று, அதன் ஓரமாகவே புதிய விரிசல் வரும்; பிளந்த கற்களை எடுத்துச் சுண்ணாம்புக் காரையிலேயே திரும்பக் கட்டவேண்டும். சுவரை எந்தப் பொருளால், யார் மேற்பார்வையில், எந்த மாதத்துக்குள் சரிசெய்வது என்பதோடு, அதுவரை அந்தத் தொகையை யார் கையில் வைப்பது என்பதையும் இரு வீட்டாரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். புதிய வீடுகள் விற்கப்பட்டு, கட்டியவர் இடத்தைவிட்டுப் போவதற்கு முன்பே அந்தத் தாள் கையில் இருக்கவேண்டும்.